ஒரு தளத்துக்கு எத்தனை கம்பி, எத்தனை கிலோ?

தளம் போடும் நாள் நெருங்கும்போது வீடு கட்டுபவரின் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு வரும். '10 எம்.எம். இவ்வளவு, 8 எம்.எம். இவ்வளவு, கட்டுக்கம்பி இவ்வளவு' என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பல இடங்களில் அவை பழக்கத்திலிருந்து வருகின்றன. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 80 கிலோ கம்பி என்று வைத்துப் பெருக்கிவிடுவார்கள். பட்ஜெட் போட அது போதும். கம்பி வாங்கவும், கட்டிய கம்பியைச் சரிபார்க்கவும் அது போதாது.

பொறியாளர் தரும் வரைபடத்தில் தேவையான எல்லா அளவுகளும் இருக்கின்றன. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் ஒரு தாளில் அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஒரே ஓர் அறையை எடுத்துக்கொண்டு கடைசிக் கிலோ வரை போட்டுப் பார்ப்போம்.

நம் அறை உள்ளளவில் 3 மீட்டர் அகலம், 7 மீட்டர் நீளம். அதாவது ஏறத்தாழ 10 அடிக்கு 23 அடி. தெருவைப் பார்த்த கடைகளில் இந்த அளவை நிறையப் பார்க்கலாம். சுற்றிலும் 230 மில்லிமீட்டர் சுவர், அதாவது 9 அங்குலச் சுவர். தளத்தின் கனம் 125 மி.மீ., அதாவது 5 அங்குலம். வரைபடம் சொல்வது இதுதான்: மெயின் கம்பி 10 மி.மீ., 150 மி.மீ. இடைவெளியில், ஒன்றுவிட்டு ஒன்று கிராங்க் செய்யப்பட வேண்டும். டிஸ்ட்ரிபியூஷன் கம்பி 8 மி.மீ., 200 மி.மீ. இடைவெளியில். கவர் எல்லாப் பக்கமும் 20 மி.மீ.

எந்தக் கம்பி எந்தத் திசையில்?

நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.33 வருகிறது. இது 2-க்கு மேல் போனால் அதை ஒருவழித் தளம் என்பார்கள். தளத்தின் மேல் விழும் சுமை கிட்டத்தட்ட முழுவதும் குறுகிய பக்கமாகவே பயணித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு நீளச் சுவர்களில் போய் உட்காருகிறது. ஆகவே சுமை தாங்கும் மெயின் கம்பி குறுகிய பக்கமாக, 3 மீட்டர் திசையில் ஓட வேண்டும். நீளமான கம்பிதான் முக்கியமான கம்பி என்று நினைத்து இதை மாற்றிப் போட்டால், கிலோ சரியாக இருந்தும் தளம் பலவீனமாகிவிடும்.

சுமை ஏறும்போது தளத்தின் நடுப்பகுதி கீழே தொய்யப் பார்க்கும். அப்போது அடிப்பக்கம் இழுபடுகிறது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் மெயின் கம்பி அடியில் கிடக்கிறது. சுவருக்கு அருகே நிலைமை வேறு. அங்கே தளத்தின் ஓரத்தை மேலிருந்து கைப்பிடிச் சுவரோ மாடிச் சுவரோ அழுத்திப் பிடித்திருக்கிறது. ஓரம் திரும்ப முடியாமல் இறுகிப்போவதால், அந்த இடத்தில் மேல்பக்கம் இழுபடுகிறது. மேலே கம்பி இல்லாவிட்டால் சுவரை ஒட்டி, சுவருக்கு இணையாக, மேல்பரப்பில் விரிசல் விடும்.

நடுவில் அடியில் தேவைப்படும் கம்பி முழுவதும் ஓரத்தில் அடியில் தேவைப்படாது. ஆகவே பாதிக் கம்பிகளை மட்டும் சுவரை நெருங்கும்போது 45 பாகை சாய்வில் மேலே தூக்கி விடுகிறார்கள். இதுதான் கிராங்க். ஒரே கம்பி நடுவில் அடியிலும் ஓரத்தில் மேலேயும் வேலை செய்கிறது. டிஸ்ட்ரிபியூஷன் கம்பி இவற்றுக்குக் குறுக்கே, நீளவாக்கில் ஓடும். ஓரிடத்தில் விழும் சுமையைப் பக்கத்துக் கம்பிகளுக்கும் பகிர்வது அதன் வேலை. கான்கிரீட் காய்ந்து சுருங்கும்போதும், வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போதும் வரும் விரிசலை அடக்குவதும் அதுதான்.

எண்ணிக்கை: இடைவெளியோடு ஒன்று

தளம் சுவரின் மேலும் படர்ந்து நிற்பதால் அதன் முழு அளவு 3.46 மீட்டருக்கு 7.46 மீட்டர். இரு முனையிலும் 20 மி.மீ. கவரைக் கழித்தால் கம்பிக்குக் கிடைப்பது 3.42 மீட்டரும் 7.42 மீட்டரும். இனி எல்லாக் கணக்கும் இந்த இரண்டு எண்களிலிருந்துதான்.

மெயின் கம்பி குறுக்கே ஓடினாலும் அதை அடுக்கிக்கொண்டு போவது நீளவாக்கில். ஆகவே 7.42-ஐ 0.15-ஆல் வகுக்க வேண்டும். 49.47 வருகிறது. பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்குவதே முறை, ஏனென்றால் இடைவெளி 150-ஐத் தாண்டக்கூடாது. ஆக 50 இடைவெளிகள். ஆனால் கம்பிகள் 50 அல்ல, 51. வேலிக்குக் கல் நடுவது போலத்தான்: பத்து இடைவெளிக்குப் பதினொரு கல் வேண்டும். சீட்டில் அடிக்கடி விடுபடுவது இந்த ஒன்றுதான்.

51 கம்பியில் ஒன்றுவிட்டு ஒன்று கிராங்க் என்றால், இரண்டு ஓரத்திலும் நேர்க்கம்பி வரும்படி 26 நேர்க்கம்பி, 25 கிராங்க் கம்பி.

டிஸ்ட்ரிபியூஷன் கம்பி நீளவாக்கில் ஓடுகிறது, அகலவாக்கில் அடுக்கப்படுகிறது. 3.42-ஐ 0.2-ஆல் வகுத்தால் 17.1. மேல்நோக்கி 18 இடைவெளி, 19 கம்பிகள்.

இத்தோடு நிறுத்திவிட்டால் கணக்கு குறையும். கிராங்க் கம்பியின் மேலே தூக்கிய பகுதிக்கும் குறுக்கே கம்பி வேண்டும். இல்லாவிட்டால் அந்த முனைகள் எதனோடும் கட்டப்படாமல் தனித்தனியாக ஆடிக்கொண்டிருக்கும். நம் வரைபடத்தில் கிராங்க் சுவரின் உள்முகத்திலிருந்து ஏழில் ஒரு பங்கு தூரத்தில், அதாவது 3 மீட்டரில் ஏழில் ஒரு பங்கான 430 மி.மீ. தள்ளித் தொடங்குகிறது என்று கொள்வோம். சாய்வுக்கு ஏறத்தாழ 75 மி.மீ. போக, மேல்மட்டத்தில் கிடக்கும் பகுதி அறைக்குள் 355 மி.மீ. நீள்கிறது. சுவர் மேல் இருக்கும் 210-ஐயும் சேர்த்தால் 565 மி.மீ. இதை 200-ஆல் வகுத்தால் மூன்று இடைவெளி, நான்கு கம்பி. இரண்டு பக்கத்துக்கும் எட்டு. ஆக 8 மி.மீ. கம்பி மொத்தம் 27.

கிராங்க் கம்பி எவ்வளவு கூடுதல் நீளம்?

நேர்க்கம்பியின் நீளம் 3.42 மீட்டர். கிராங்க் கம்பி சாய்வாக ஏறுவதால் சற்று நீளமாக வெட்ட வேண்டும். எவ்வளவு என்பது அது ஏறும் உயரத்தைப் பொறுத்தது. 125 மி.மீ. தளத்தில் அடியில் 20, மேலே 20 கவரைக் கழித்தால் மீதி 85. அதில் கம்பியின் சொந்தக் கனமான 10-ஐயும் கழித்தால், கம்பியின் நடுவிலிருந்து நடுவுக்கு ஏறும் உயரம் 75 மி.மீ.

45 பாகையில் 75 மி.மீ. உயரம் ஏறினால் கிடைமட்டத்திலும் 75 மி.மீ. நகரும். சாய்வின் நீளமோ 106 மி.மீ. நேராகப் போயிருந்தால் 75 போதும். சாய்ந்ததால் 31 கூடுகிறது. கம்பி வேலையில் இதை 'உயரத்தின் 0.42 பங்கு' என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 75-ஐ 0.42-ஆல் பெருக்கினால் 31.5. இரண்டு முனைக்கும் 63 மி.மீ. ஆகவே கிராங்க் கம்பியின் வெட்டு நீளம் 3.483 மீட்டர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிராங்க் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்பது வெட்டு நீளத்தை மாற்றாது. ஏழில் ஒரு பங்கானாலும் ஐந்தில் ஒரு பங்கானாலும் கூடுவது அதே 63 மி.மீ.தான். எடையை வைத்து அந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது என்பதே இதன் பொருள். வளைவு நடுவை நோக்கி அதிகம் தள்ளிப்போனால், அடியில் கம்பி தேவைப்படும் இடத்தில் பாதிக் கம்பி மேலே போய்விடும். அதை டேப் வைத்து அளந்துதான் பார்க்க வேண்டும்.

சில இடங்களில் ஒவ்வொரு கம்பியையும் ஒரு முனையில் மட்டும் கிராங்க் செய்து, ஒன்றை இந்தச் சுவர்ப் பக்கம், அடுத்ததை அந்தச் சுவர்ப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்குவார்கள். அப்போதும் ஒவ்வொரு சுவரிலும் பாதிக் கம்பி மேலே, பாதி கீழே. நம் முறையில் 50 வளைவு, அந்த முறையில் 51. எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பழைய புத்தகங்களில் ஒவ்வொரு முனைக்கும் கொக்கி என்று விட்டத்தின் 9 மடங்கைக் கூட்டச் சொல்லியிருக்கும். அது வழவழப்பான உருட்டுக் கம்பி புழங்கிய காலத்து முறை. இப்போது வரும் முறுக்கு வரிகள் கொண்ட டி.எம்.டி. கம்பி கான்கிரீட்டைத் தானே பற்றிக்கொள்ளும். வரைபடத்தில் காட்டியிருந்தாலொழிய கொக்கி தேவையில்லை. தெரியாமல் அதைக் கூட்டினால் மெயின் கம்பியில் மட்டும் 9 மீட்டருக்கு மேல் வீணாக ஏறும்.

நீளத்திலிருந்து எடைக்கு

கம்பியின் ஒரு மீட்டர் எடையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கன மீட்டர் எஃகின் எடை 7,850 கிலோ. அதையும் வட்டத்தின் பரப்பையும் சேர்த்துச் சுருக்கினால் கிடைப்பதே இந்த 162. இதன்படி 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 10 மி.மீ. கம்பி 0.617 கிலோ.

| கம்பி | எண்ணிக்கை | ஒன்றின் நீளம் (மீ.) | மொத்த நீளம் (மீ.) | எடை (கிலோ) |
|---|---|---|---|---|
| 10 மி.மீ. நேர்க்கம்பி | 26 | 3.420 | 88.92 | 54.9 |
| 10 மி.மீ. கிராங்க் கம்பி | 25 | 3.483 | 87.08 | 53.7 |
| 8 மி.மீ. அடி டிஸ்ட்ரிபியூஷன் | 19 | 7.420 | 140.98 | 55.7 |
| 8 மி.மீ. மேல் டிஸ்ட்ரிபியூஷன் | 8 | 7.420 | 59.36 | 23.4 |
| மொத்தம் | 78 | | | 187.7 |

இந்தத் தளத்தின் கான்கிரீட் அளவு 3.23 கன மீட்டர். கன மீட்டருக்கு 80 கிலோ என்ற வாய்ப்பாட்டில் போட்டால் 258 கிலோ வரும். எண்ணிப் போட்டால் 188. வித்தியாசம் 70 கிலோ. வாய்ப்பாடு தவறு என்று இதற்குப் பொருளல்ல. அது பல வகைத் தளங்களின் சராசரி. உங்கள் தளம் சராசரியாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இதைவிட அகலமான அறையில் கம்பி நெருங்கும், தடிக்கும். அங்கே வாய்ப்பாடு குறைத்துக் காட்டவும் கூடும்.

கடையில் வாங்குவது வேறு கணக்கு

தளத்துக்குள் போவது 188 கிலோ. ஆனால் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதிலிருந்து எப்படி வெட்டுகிறோம் என்பதில்தான் வீண் கூடுவதும் குறைவதும் இருக்கிறது.

10 மி.மீ.-இல் ஒரு 12 மீட்டர் கம்பியிலிருந்து மூன்று துண்டுகள் கிடைக்கும். 51 கம்பிக்குச் சரியாக 17 நீளக் கம்பி, எடை ஏறத்தாழ 126 கிலோ. ஒவ்வொன்றிலும் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் மிச்சம். மொத்தம் 28 மீட்டர், 17 கிலோ. இந்தத் துண்டுகளைக் கழிவாக ஒதுக்கிவிடக்கூடாது. மேல் கம்பியைத் தாங்கும் சேர் செய்யவும், சன்ஷேடுக்கும் லிண்டலுக்கும் இவை உதவும்.

8 மி.மீ.-இல்தான் யோசனை தேவை. ஒரு 12 மீட்டரிலிருந்து 7.42 போனால் 4.58 மிஞ்சும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நீளக் கம்பி என்று வெட்டினால் 27 வேண்டும், 128 கிலோ ஆகும். அதற்குப் பதில் மிஞ்சிய இரண்டு 4.58 துண்டுகளை அரை மீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டினால் இன்னொரு முழுக் கம்பி கிடைத்துவிடும். இரண்டு நீளக் கம்பிக்கு மூன்று கம்பி. 27 கம்பிக்கு 18 நீளக் கம்பி போதும், 85 கிலோ. ஒட்டுப் போட்ட கம்பிகள் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக வராமல், ஒட்டுகளும் ஒரே நேர்கோட்டில் விழாமல் கலைத்துப் போட வேண்டும். ஒட்டின் நீளத்தைப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். மெயின் கம்பியில் இந்தச் சிக்கனத்தைக் காட்டக்கூடாது. தளத்தின் நடுவில் ஒட்டு விழுந்தால், அதிக இழுப்பு இருக்கும் இடத்திலேயே அது விழும்.

ஆக வாங்க வேண்டியது 126 கிலோவும் 85 கிலோவும் சேர்ந்து 211 கிலோ. கட்டுக்கம்பி டன்னுக்கு ஏறத்தாழ 10 கிலோ என்ற வழக்கப்படி, சுமார் 2 கிலோ.

கம்பி வந்திறங்கும்போது ஒன்றைத் தூக்கி எடை போட்டுப் பார்ப்பது நல்லது. 12 மீட்டர் நீளமுள்ள 10 மி.மீ. கம்பி 7.4 கிலோ இருக்க வேண்டும், 8 மி.மீ. கம்பி 4.74 கிலோ. இந்தியத் தர நிர்ணய விதியான ஐ.எஸ். 1786, 10 மி.மீ. வரையுள்ள கம்பிகளில் ஒரு கட்டின் எடை 7 சதவீதம் கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. அதன்படி 10 மி.மீ. கம்பி சராசரியாக 6.9 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது. கம்பியை எண்ணிக்கையில் வாங்குபவருக்கு எடை குறைந்தால் நேரடி நஷ்டம். கிலோவில் வாங்குபவருக்குப் பணம் போகாது, ஆனால் தளத்துக்குள் போகும் எஃகு குறையும். இரண்டு வகையிலும் எடை போடுவது வீண்போகாது.

சென்ட்ரிங் மேல் ஏறிப் பார்க்க வேண்டியவை

காகிதத்தில் போட்ட கணக்கின் இன்னொரு பயன், கம்பி கட்டி முடித்த பிறகுதான் தெரியும். கான்கிரீட் ஊற்றிவிட்டால் எண்ண முடியாது.

முதலில் மெயின் கம்பிகளை எண்ணுங்கள். 51 இருக்க வேண்டும், அதில் 25 கிராங்க். பிறகு ஏதாவது ஓரிடத்தில் டேப்பை விரித்து, பத்து இடைவெளியை ஒன்றாக அளந்து பாருங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வோர் இடைவெளியாக அளந்தால் சிறு வித்தியாசம் தெரியாது, பத்தாக அளந்தால் மறைக்க முடியாது.

அடுத்து, குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். கவர் பிளாக்கின் மேல் மெயின் கம்பி, அதன் மேல் டிஸ்ட்ரிபியூஷன் கம்பி என்ற வரிசை இருக்க வேண்டும். மேலே தூக்கிய பகுதியில், குறுக்குக் கம்பி கிராங்க் கம்பிக்கு அடியில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு கிராங்கின் உயரம். சென்ட்ரிங் பலகையிலிருந்து மேல் கம்பியின் தலை வரை 105 மி.மீ. இருக்க வேண்டும். தளத்தின் கனம் 125 என்பதால், அப்போதுதான் மேலே 20 மி.மீ. கவர் நிற்கும். கண்ணளவில் உயரமாக வளைத்துவிட்டால் கம்பி மேல்பரப்பை ஒட்டி வந்து, மழைத்தண்ணீர் பட்டுத் துருப்பிடிக்கும்.

அதிகம் நடப்பது இதற்கு நேர்மாறானது. கான்கிரீட் ஊற்றும் நாளில் ஆட்கள் சட்டியோடு நடக்கும்போது மேலே தூக்கிய முனைகள் மிதிபட்டு அமுங்கிவிடுகின்றன. அடியில் சேர் இல்லாவிட்டால் அவை எழுந்திருக்காது. எடை குறையவில்லை, எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் சுவரோரம் மேலே கம்பியே இல்லாத தளம் ஒன்று உருவாகிவிடுகிறது. கிராங்க் வரிசையின் அடியில் மீட்டருக்கு ஒன்றாவது சேர் வைத்து, நடக்கப் பலகை போட்டுவிட்டால் இதைத் தவிர்க்கலாம். இந்தத் தொல்லைக்காகவே பல பொறியாளர்கள் இப்போது கிராங்க்கை விட்டுவிட்டு, அடியில் எல்லாம் நேர்க்கம்பி, சுவரோரம் மேலே தனிக் கம்பி என்று வரைந்து தருகிறார்கள். உங்கள் வரைபடம் அப்படி இருந்தால் கிராங்க் நீளத்துக்குப் பதில் அந்தத் தனிக் கம்பியின் நீளத்தைப் போட வேண்டும். மற்றதெல்லாம் இதே கணக்குதான்.

இத்தனை நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா என்று தோன்றினால், ஒரே ஒரு மாற்றத்தைப் போட்டுப் பாருங்கள். மெயின் கம்பியின் இடைவெளி 150-க்குப் பதில் 165 ஆகிவிட்டது என்று வைப்போம். அந்த 15 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. கம்பி 51-லிருந்து 46 ஆகும். மிச்சமாவது ஏறத்தாழ 11 கிலோ, மொத்தக் கம்பியில் 6 சதவீதம்கூட இல்லை. ஆனால் நடுத்தளத்தின் அடியில் சுமை தாங்கும் எஃகு 9 சதவீதம் குறைந்துவிடும். வடிவமைத்தவர் எவ்வளவு கூடுதல் பலம் விட்டிருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்; அந்தக் கூடுதலைத் தளத்தில் நிற்பவர்கள் எடுத்துச் செலவழிக்க உரிமை இல்லை. ஆகவே சென்ட்ரிங் மேல் 46 கம்பி இருந்தால், இன்னும் ஐந்து போட்டு இடைவெளியைத் திருத்திய பிறகே கான்கிரீட்டுக்குச் சொல்ல வேண்டும்.